ஏழெட்டு எத்தனை?

குளுவாங்கில் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் பேத்தியிடம் "ஏழெட்டு எத்தனை?" என்று கேட்டால் பதில் உடனே வராது. கண்ணை மூடிக்கொண்டு "ஓரெட்டு எட்டு" என்று கிளம்புவாள். எல்லா நிறுத்தத்திலும் நின்று போகும் தோட்டத்துப் பேருந்து அது. நடுவில் யாராவது தும்மினால் மறுபடியும் ஓரெட்டு. ஒருநாள் இறங்கிய இடம் 54. ஆறொன்பதின் வீட்டுக்குள் நுழைந்துவிட்டாள்.

இப்போதெல்லாம் பள்ளியில் அடுக்கிக் காட்டச் சொல்கிறார்கள். பாட்டி வறுத்து வைத்த கச்சானை எடுத்து, வரிசைக்கு எட்டாக ஏழு வரிசை அடுக்கினோம். ஐந்தாம் வரிசைக்குக் கீழே ஓர் ஈர்க்குச்சி வைத்தேன். மேலே ஐயெட்டு. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தால் அதுவே எட்டு ஐந்துகள். ஐந்து ஐந்தாக எண்ண அவளுக்குத் தெரியும், 40. கீழே இரண்டு எட்டு, 16. கூட்டினால் 56. பேருந்தே தேவையில்லை. எண்ணும்போதே தின்றுவிட்டாள் என்பது தனிக்கதை. ஆனால் குவியலில் ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியும்? அடுக்கில் ஓட்டை பளிச்சென்று தெரிந்தது. திருட்டையும் பிடித்துக்கொடுக்கும் கணக்கு!

அடுத்து, எட்டெட்டாகத் தாவி எண்ணினாள். ஏழு விரல் மடங்கியபோது 64-இல் நின்றாள். கணக்கு சரி, விரல்தான் தப்பு. "எட்டு" என்று சொல்லும்போதே முதல் விரல் மடங்க வேண்டும். இவள் பதினாறுக்குத்தான் மடக்கினாள். பிள்ளையின் விடை சரியாக ஓர் எட்டு கூடியிருந்தால் திட்டாதீர்கள், விரலைப் பாருங்கள்.

எட்டாம் வாய்ப்பாட்டின் கடைசி இலக்கங்களை எழுதச் சொன்னேன்: 8, 6, 4, 2, 0, மறுபடியும் 8, 6. ஏழாவது இடத்தில் 6 வரும்போது 54 எப்படி விடையாகும்? அவளே அடித்தாள். ஆனாலும் 46-உம் 6-இல்தான் முடிகிறது. இந்த ஒழுங்கு தப்பைப் பிடிக்கும், விடையைக் கொண்டுவந்து தராது.

அடுக்குப் பாடம் முடிந்ததும் செம்பனைத் தோட்டத்தைப் பார்த்து, "தாத்தா, இது கோணலா நிக்குதே!" என்றாள். ஆமாம், ஜொகூரில் திரும்பிய பக்கமெல்லாம் செம்பனை. ஆனால் மட்டைகள் ஒன்றையொன்று மறைக்காமல் இருக்க முக்கோண முறையில் நடுகிறார்கள். நேரே பார்த்தால் வரிசை உண்டு. பக்கவாட்டில் வளைந்து வளைந்து போகும். சாய்வாகப் பார்த்தால் மறுபடி வரிசை வரும். பெருக்கலைத் தொடங்க இதைக் காட்டாதீர்கள், கச்சானே போதும்.

என் மருமகன், "மனப்பாடமே வேண்டாமா மாமா?" என்றார். வேண்டும். யுபிஎஸ்ஆர் 2021-இல் ஒழிந்தது, வாய்ப்பாடு ஒழியவில்லை. பத்துக்குப் பத்து அட்டவணையில் 100 கட்டம். திருப்பிப் பார்த்தால் ஒன்றேயானவற்றைக் கழித்தால் 55. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்தாம் வாய்ப்பாடுகள் தாவி எண்ணும்போதே வந்துவிடும். அவற்றையும் எடுத்தால் மிச்சம் 21. அந்த 21-ஐ அடுக்கிப் பார்த்த பிறகு மனப்பாடம் செய்யட்டும். விருந்தாளிகள் முன்னால் நிறுத்தி "ஏழெட்டு?" என்று கேட்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.