மொய் எந்தக் கணக்கு?

அக்கா மகனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை. வருஷத்துக்கு 3 லட்சம் என்று கம்பெனிக் கடிதத்தில் இருந்ததை அக்கா கனகம்மாசத்திரம் முழுக்கச் சொல்லிவிட்டாள். மாதம் 25,000 என்று ஊரும் வகுத்துப் பார்த்துவிட்டது. பையன் கணக்கில் விழுந்ததோ 21,400.

"மீதியை என்னடா பண்ணே?"

அவன் என்ன செய்வான், பாவம்! மீதி பி.எஃப்.புக்குப் போயிருக்கிறது. அவன் பங்கு 1,800, கம்பெனி பங்கு 1,800. கம்பெனி பங்கையும் அந்த 3 லட்சத்துக்குள்ளேயே அடக்கிக் காட்டுவதுதான் வழக்கம். ஆகவே கைக்கு வந்த 21,400-ஐத்தான் பிரிக்க வேண்டும்.

பிரிக்கும் சூத்திரத்தைப் பையனே செல்போனில் பார்த்து வைத்திருந்தான். தேவைக்குப் பாதி, ஆசைக்கு 30 சதவீதம், சேமிப்புக்கு 20. அமெரிக்காவின் எலிசபெத் வாரன் தன் மகளோடு சேர்ந்து 2005-இல் எழுதிய புத்தகத்தால் பரவிய கணக்கு இது. அதன்படி தேவைக்கு 10,700, ஆசைக்கு 6,420, சேமிப்புக்கு 4,280.

வீட்டுக்கு 7,000, கல்விக் கடன் தவணை 2,500, பெட்ரோல், ரீசார்ஜ் 1,200. தேவை 10,700-இல் கச்சிதமாக அடங்கியது. அம்மா கையில் கொடுப்பதைத் தேவையில் எழுதியதற்கே அக்கா கண் கலங்கினாள். புது செல்போன் தவணை ஆசையில் போனது. "போன் தேவைதானே மாமா?" என்றான். பழைய போன் பேசுகிறதே, அப்புறமென்ன?

அதுவரை சுகம். ஆடி முடிந்தது, ஆவணி பிறந்தது. ஒரே மாதத்தில் நாலு பத்திரிகை. முதல் சம்பளக்காரன் 200 ரூபாய் எழுதினால் மண்டபமே திரும்பிப் பார்க்காதா?

"மொய் சேமிப்புதான், திரும்பி வருமே" என்றாள் அக்கா. வரும்தான். ஆனால் எப்போது? இவன் கல்யாணத்தில்! அதுவரை வட்டியும் கிடையாது, அவசரத்துக்கு எடுக்கவும் முடியாது. வாரன் அம்மையாருக்கு மொய் நோட்டு தெரிய நியாயமில்லை. நாம்தான் வழி பார்க்க வேண்டும்.

போன வருஷத்து மொய் நோட்டைப் புரட்டினோம். ஆவணி, தை, காதுகுத்து எல்லாம் சேர்த்து இவன் தலைக்கு வருஷம் 12,000 வரும் போலிருந்தது. மாதத்துக்கு 1,000. அதை ஆசைப் பங்கிலிருந்து எடுத்துத் தனிக் கணக்கில் போடச் சொன்னேன். கல்யாணம் இல்லாத மார்கழியிலும் போட வேண்டும். அப்போதுதான் தைக்குப் பணம் இருக்கும். ஆசைக்கு மிஞ்சியது 5,420. பிரியாணி ஞாயிறுகள் குறைந்ததில் பையனுக்கு வருத்தம்தான். ஆனால் 4,280-இல் கை படவில்லை.

புதிதாகச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: சம்பளம் 1-ஆம் தேதி என்றால் ஆர்.டி. தவணையை 2-ஆம் தேதிக்கே தானாகப் பிடிக்க எழுதிக் கொடுங்கள். 20-ஆம் தேதிக்கு எழுதிக் கொடுத்தால், பிடிப்பதற்குக் கணக்கில் ஒன்றும் இருக்காது.