எட்டு எங்கும் போகாது

கேள்வி: ஆறு பக்கமும் சிவப்பு பெயின்ட் அடித்த கனசதுரத்தை 64 சிறு கனசதுரங்களாக அறுத்தால் இரண்டு பக்கம் சிவப்பானவை எத்தனை? எனக்கு 48 வருகிறது, புத்தகத்தில் 24 இருக்கிறதே?

பதில்: புத்தகம் சொல்வதுதான் சரி. 64 என்றால் ஒரு விளிம்பில் 4 துண்டு. விளிம்புகள் 12. நீங்கள் 12-ஐ 4-ஆல் பெருக்கிவிட்டீர்கள். அந்த நான்கில் இரு கோடியிலும் இருப்பவை மூலைத் துண்டுகள். அவற்றுக்கு மூன்று பக்கம் சிவப்பு. ஒவ்வொரு மூலையும் மூன்று விளிம்புகளுக்குச் சொந்தம், கல்யாண வீட்டில் மூன்று பந்தியிலும் உட்கார்ந்த விருந்தாளி மாதிரி! அவர்களை எழுப்பிவிட்டால் விளிம்புக்கு 2, ஆக 24.

மூலைகள் எப்போதும் 8தான். 27 துண்டாக அறுத்தாலும் ஆயிரமாக அறுத்தாலும் அந்த எட்டு மாறாது. ஒரு பக்கம் மட்டும் சிவப்பானவை, முகத்தின் ஓரத்தை நீக்கியபின் நடுவில் மிஞ்சும் 2×2, அதாவது நான்கு. ஆறு முகத்துக்கு 24. பெயின்ட்டே படாதவை உள்ளே ஒளிந்திருக்கும் 2×2×2, அதாவது 8.

கூட்டிப் பாருங்கள்: 8+24+24+8=64. எனக்குப் பிடித்த சோதனை வேறு, சிவப்பு முகங்களை எண்ணுவது. 8×3+24×2+24×1=96. பெரிய கனசதுரத்தில் முகத்துக்கு 16 கட்டம், ஆறு முகத்துக்கும் 96. உங்கள் 48-ஐப் போட்டால் இது 144 ஆகிவிடும்.

தேர்வில் ‘ஒவ்வொரு திசையிலும் 4 வெட்டு’ என்று கேட்டால் உஷார். அப்போது விளிம்புக்கு 5 துண்டு, விடை 36.