ஓட்டுதலும் தாளித்தலும்: சோம்பல் நகை குறித்த ஓர் ஆய்வு

சோம்பல் நகை என்பது, சொல்பவர் வாயைத் திறந்ததுமே கேட்பவருக்கு முடிவு தெரிந்துவிடும் நகை. தமிழ்ச் சூழலில் இதன் இரண்டு பெருங்குடும்பங்கள், பெண்கள் வண்டி ஓட்டுவதும் ஆண்கள் சமைப்பதும். முதல் குடும்பத்தில் ஒரு பெண் ஸ்கூட்டியில் வருவாள், எதன்மீதாவது மோதுவாள். இரண்டாவதில் மனைவி ஊருக்குப் போவாள். கணவன் வெந்நீரைத் தீய விடுவான். மோதப்படும் பொருளும் தீயும் பொருளும் அவ்வப்போது மாறும். வேறெதுவும் மாறாது. வார இதழ்களின் பக்க ஓரங்களில் வாழ்ந்துவந்த இவ்வினம், இப்போது வாட்ஸாப் குழுக்களில், ரோஜாப்பூப் போட்ட காலை வணக்கத்துக்கும் முருங்கைக்கீரையின் மகிமைக்கும் நடுவே குடியேறியுள்ளது.

ஆய்வாளர் முதலில் தடுக்கி விழுவது, இவ்வினத்துக்குள்ளேயே உள்ள முரண்பாட்டில்தான். ஆணுக்குச் சமைக்க வராது என்று சொல்லும் அதே துணுக்குப் பக்கத்தில், மனைவி சுட்ட இட்லியால் திருடன் மண்டை உடைகிறது. அவள் கிண்டிய அல்வாவில் கணவனின் பல்செட் ஒட்டிக்கொள்கிறது. இரண்டையும் சேர்த்து நம்பினால், தமிழ்நாட்டில் இதுவரை எவரும் சமைத்ததில்லை என்ற முடிவுக்கே வர வேண்டும். சாலையிலும் இதே கதைதான். பெண்ணுக்கு ஓட்டத் தெரியாது. ஆணோ குடித்துவிட்டுப் போலீஸ்காரரிடம் மாட்டுகிறான். ஆகவே யாரும் வீடு போய்ச் சேர்ந்ததுமில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் இம்முடிவுக்கு ஆதரவாக இல்லை.

சான்று காட்டி மறுக்கலாமே என்று தோன்றும். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் மோட்டார் வண்டியில் சென்று, உலகின் முதல் நெடும்பயணத்தை முடித்தவர் பெர்த்தா பென்ஸ் என்ற பெண். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி விட்டார். தேய்ந்த பிரேக் கட்டைக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்து வாங்கினார். சமையல் பக்கத்தில் நளனும், விராடன் அரண்மனை மடைப்பள்ளியில் கரண்டி பிடித்த பீமனும் இருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன். தெருமுனையில் பரோட்டா மாஸ்டர் மாவை வீசிக்கொண்டிருக்கிறார். இருந்தும் இச்சான்றுகளால் ஒரு துணுக்குகூடச் செத்ததில்லை. "அது வேற, இது வேற" என்ற ஒற்றை வாக்கியத்தில் பெர்த்தாவும் பீமனும் விதிவிலக்காகி ஒதுங்கிவிடுவார்கள். துணுக்கு உண்மையின்மீது நிற்கவில்லை, பழக்கத்தின்மீது நிற்கிறது. எனவே அதைப் பொய் என்று நிறுவுவது வீண்வேலை. சுவையற்றது என்று நிறுவுவதே ஆய்வின் பணி.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இவற்றுள் எள்ளலுக்கு உரை கண்ட பேராசிரியர், பிறரை எள்ளிச் சிரிப்பதோடு, பிறர் தன்னை எள்ளும்போது தான் சிரிப்பதையும் சேர்த்துக்கொள்கிறார். சோம்பல் நகைக்கு வாய்ப்பதில்லை இந்த இரண்டாம் பாதி. வண்டி ஓட்டும் பெண்ணைப் பற்றிய துணுக்கைக் கேட்டு வண்டி ஓட்டும் பெண் சிரித்தால், அது பெரும்பாலும் மரியாதைச் சிரிப்பு. உதடு விரியும், கண் அசையாது. அவரைப் பற்றி அதில் எதுவும் இல்லாததே காரணம். அவர் எந்த ஊர், எந்த வண்டி, எந்த முனையில் தடுமாறுவார் என்பது சொன்னவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் சிரமத்தைத் தவிர்க்கத்தானே துணுக்கைக் கடன் வாங்கினார்.

பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஹென்றி பெர்க்சன், 1900இல் சிரிப்பைப் பற்றி எழுதிய நூலில், உயிருள்ள மனிதர் இயந்திரம்போல் நடந்துகொள்ளும் இடத்தில் சிரிப்புப் பிறக்கிறது என்றார். இதன்படி நகைக்குரியது நடத்தை, பாலினம் அன்று. சோம்பல் நகையில் இயந்திரமாக இயங்குவது ஒருவரே. அவர் துணுக்கு சொல்பவர்.

ஒரு துணுக்கு சோம்பலானதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பெயர்ச்சொல்லை உருவிவிட்டு வேறொன்றைச் செருகிப் பார்க்க வேண்டும். "பொம்பளைங்க வண்டி ஓட்டினா இடதுபக்கம் லைட்டு எரியும், கை வலதுபக்கம் நீளும், வண்டி நேரா போகும்" என்பது பரவலான மாதிரி. இதில் பெண்களை நீக்கிவிட்டு ஓய்வுபெற்ற தாசில்தாரை வைத்தாலும், புது மாப்பிள்ளையை வைத்தாலும் துணுக்கு அப்படியே ஓடுகிறது. சிரிப்பு இருந்தது லைட்டு, கை, வண்டி மூன்றும் மூன்று திசைக்கு இழுத்ததில். பெண் என்ற சொல் அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்தது.

அச்சொல்லை வீட்டுக்கு அனுப்பியபின் மிஞ்சும் நடத்தையை அருகில் போய்ப் பார்க்கலாம். காரில் திருப்பம் முடிந்து ஸ்டியரிங் நேரானதும் இண்டிகேட்டர் தானாக அணைந்துவிடும். பெரும்பாலான இருசக்கர வண்டிகளில் அந்த வசதி இல்லை. இடது கைப்பிடியில் உள்ள பொத்தானை ஓட்டுபவரே அழுத்தி அணைக்க வேண்டும். மீட்டரில் மினுக்கும் சின்ன விளக்கோ உச்சி வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே எவரும் மறப்பார். மறந்தவருக்குத் தெரியாமல் ஊருக்கே தெரிவதுதான் இதிலுள்ள நகை. மதுரையில் அக்கா ஓட்ட, தம்பி பின்னால் உட்கார்ந்து வருகிறான் என்று கொள்க. காளவாசலில் திரும்பியாயிற்று, பைபாஸ் ரோட்டில் பழங்காநத்தம் நெருங்கியும் விளக்கு மினுக்குகிறது.

"அக்கா, நீ காளவாசல்ல திரும்புன விஷயம் பழங்காநத்தம் வரைக்கும் பரவிருச்சு. பின்னாடி பஸ்காரரு, இந்தப் புள்ள எப்பத்தான் திரும்புமோன்னு சாப்பிடாமக் கெடக்காரு."

"நீ ஹெல்மெட்டுக்குள்ள செல்லச் சொருகிட்டுக் கழுத்தச் சாச்சுக்கிட்டே போவியே, சுளுக்குன்னு நெனச்சு ஒருத்தரு வைத்தியர் விலாசம் குடுத்தாரே, அதச் சொல்லட்டுமா?"

இங்கே கேலி போன வழியிலேயே திரும்பி வந்தது. நடத்தைக் கேலியின் சிறப்பே அதற்குப் பதில் கேலி உண்டு என்பதுதான். இனக் கேலிக்கு இனக் கேலியால் மட்டுமே பதில் சொல்ல முடியும்: "ஆம்பளைங்க மட்டும் ஒழுங்கா?" என்று தொடங்கினால், அடுத்த ஐந்து நிமிடத்தில் அது நடுவர் இல்லாத பட்டிமன்றம் ஆகிவிடும்.

சமையல் குடும்பத்துக்கு வரும்போது ஆய்வு சற்றுச் சிக்கலாகிறது. இரண்டும் ஒரே தராசின் இரு தட்டுகள்போல் தோன்றினாலும், விளைவில் அவை எதிரெதிர். பெண்ணுக்கு ஓட்ட வராது என்ற கேலியின் முடிவில் பெண்ணின் கையிலிருந்து சாவி பறிபோகிறது. சாவி போனதால் பழக்கம் போகிறது. பழக்கம் போனதால் கேலி அடுத்த ஆண்டும் செல்லுபடியாகிறது. ஆணுக்குச் சமைக்க வராது என்ற கேலியின் முடிவிலோ ஆணுக்கு நாற்காலி கிடைக்கிறது. அது கேலி வேடத்தில் வரும் விடுப்புச் சான்றிதழ். ஒருமுறை உப்புமாவைக் கட்டி தட்டிப்போக விட்டால் ஆயுள் முழுக்க அடுப்படியிலிருந்து விலக்கு என்பதை ஆராய்ந்தறிந்த கணவர்கள் உண்டு. அவர்கள் இத்துணுக்கைக் கேட்டு வாய்விட்டுச் சிரிப்பார்கள். தங்களைப் பற்றிய துணுக்குக்கே ஏன் அத்தனை சிரிப்பு என்று யாரும் கேட்டதில்லை.

கூரிய கேலி இந்தச் சான்றிதழை வழங்காது. சமைக்க வரும் என்று ஏற்றுக்கொண்டு, சமைத்த விதத்தைப் பிடித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் ரசம் வைக்கிறார். புளியை ஒரு கிண்ணத்தில் ஊறப்போட்டு, வேறொரு கிண்ணத்தில் கரைத்து, மூன்றாவதில் வடிகட்டுகிறார். இரண்டு சிட்டிகை மிளகு சீரகத்துக்கு மிக்ஸியின் பெரிய ஜார். அதில் அரைபடாததால் சின்ன ஜார். பருப்புக்குக் குக்கர், தக்காளிக்குத் தட்டு, பூண்டு நசுக்க இடிகல். கடுகைக் காயாத எண்ணெயில் போட்டுவிட்டு அது வெடிக்கக் காத்திருக்கிறார். வெடிக்காததால் வேறு கரண்டி எடுக்கிறார். கொத்தமல்லி தூவி இறக்கியதும், ரசம் பிரமாதம். மனைவி ருசி பார்த்துவிட்டு, கழுவும் தொட்டியை ஒருமுறை பார்க்கிறார்.

"ரசம் அருமைங்க. பொண்ணு மாப்பிள்ளை எந்த ரூம்ல இருக்காங்க?"

கல்யாண வீட்டின் பாத்திரக் குவியல் கேட்பவர் மனத்தில் தானே எழுகிறது. சொன்னவர் அதைச் சொல்லவே இல்லை. பாராட்டும் பொய்யில்லை. சொன்னது அவ்வளவே, எஞ்சியது கேட்பவர் வேலை. "ஆம்பளைங்க சமைச்சாலே இப்படித்தான்" என்று ஒரு வாலை ஒட்டியிருந்தால் மொத்தமும் கெட்டிருக்கும். விளக்கம் சேர்வதோடு, அவர் நாற்காலிக்குத் திரும்பவும் வழி திறந்திருக்கும். இப்போதோ பாத்திரம் கழுவுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

நடத்தைக் கேலிக்கும் எல்லைகள் உண்டு. கற்றுக்கொண்டிருப்பவரிடம் அது செல்லாது. எல் போர்டு வண்டி மேட்டில் நின்றுபோவது பழக்கக் குறை. பெர்க்சன் சொன்ன இயந்திரத்தனம் படியும் அளவுக்குக் கற்பவருக்கு இன்னும் நாள் ஆகவில்லை. சேதம் புதிதாக இருக்கும்போதும் கேலி எடுபடாது. ஈயச்சொம்பைத் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைத்தால் உருகிவிடும். வெள்ளீயத்தின் உருகுநிலை 232 டிகிரி செல்சியஸ்தான், கேஸ் அடுப்புக்கு அது ஒரு பொருட்டே அல்ல. உருகியது மாமியார் வீட்டுச் சீராக இருந்தால், அதைப் பற்றிய முதல் கேலியைச் சொல்லும் உரிமை சொம்புக்கு உரியவருக்கு மட்டுமே. எவ்வளவு காலம் கழித்து என்பதை அவரே முடிவு செய்வார்.

இறுதியாகப் போலிகள். பெண் என்ற சொல்லை எடுத்துவிட்டு "பிங்க் ஸ்கூட்டி" என்று எழுதுவது நடத்தைக் கேலி ஆகாது. பழைய துணுக்குக்குப் புது நம்பர் பிளேட் மாட்டியதே ஆகும். "சில பேர்" என்று தொடங்கிவிட்டு ஓரக்கண்ணால் ஒருவரைப் பார்ப்பதும் இவ்வகையே. கண்டுபிடிப்பது எளிது. வண்டியின் நிறத்தை மாற்றச் சொன்னால் இவ்வகைத் துணுக்கில் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. பழங்காநத்தத்து அக்காவின் வண்டி என்ன நிறம் என்று இதுவரை யாருக்கும் கேட்கத் தோன்றியதில்லை.