மாப்பிள்ளைக்கு மெடிக்கல்

ஃபஹாஹீல், குவைத்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மச்சான் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல். எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறை உள்ள அறையில் 'நலம்' என்று எழுதுவதே பெரிய விஷயம். காலை ஐந்து மணிக்கு வரிசையில் நின்றபடிதான் உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். முன்னால் நின்ற மலையாளியும் சேர்ந்தே கேட்டார்.

"மெடிக்கல் போடணும், திங்கட்கிழமை பாஸ்போர்ட்டும் பணமும் எடுத்துட்டு வா" என்று ஏஜென்ட் சொன்னாராம். எதற்கு, என்ன டெஸ்ட் என்று கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று உனக்குப் பயம். சந்தையில் கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காம்பைப் பார்த்து, "உள்ள புழு இருக்காதே?" என்று கேட்கிற வாய் இங்கே மட்டும் ஏன் ஒட்டிக்கொள்கிறது? தாராளமாகக் கேள். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான்.

முதலில் எந்த நாட்டுக்கு என்று கேள். "கல்ஃப்தான் தம்பி" என்று கையை ஆட்டினால் நம்பாதே. குவைத் என்றால் ஊரிலேயே மெடிக்கல் கட்டாயம். அது இல்லாமல் விசா அடிக்க மாட்டார்கள். கத்தார் என்றால் சென்னையில் இருக்கும் கத்தார் விசா மையத்திலேயே கைரேகையோடு சேர்த்து அதையும் முடித்துவிடுவார்கள். சிங்கப்பூர் வொர்க் பெர்மிட் என்றால் அங்கே போய் இறங்கிய பிறகுதான் டெஸ்ட். நாட்டுக்கு நாடு இப்படி மாறுவதால், நாட்டின் பெயரைச் சொல்லாமல் மெடிக்கலுக்குக் கூப்பிடுகிற ஆள் உனக்காகக் கூப்பிடவில்லை என்று வைத்துக்கொள்.

அடுத்து, எப்போது என்று கேள். இதில்தான் சூட்சுமம். குவைத்துக்கான மெடிக்கல் சான்றிதழுக்கு ஆயுள் குறைவுதான். நமக்கு விசா பேப்பர் வருவதற்கு முன்பே, "முன்னாடியே போட்டு வச்சுக்கிட்டா நல்லது" என்று ஏஜென்ட் சொல்வார். நம்ம அறையில் கீழ்க்கட்டிலில் படுக்கிற அறந்தாங்கிக்காரர் அப்படித்தான் போட்டு வைத்தார். ஃபிட் என்று வந்தது. வீட்டில் கேசரி கிண்டினார்கள். விசா வரவில்லை. சான்றிதழ் காலாவதி ஆன பிறகு விசா வந்தது. மறுபடி அதே ஊசி, அதே டப்பா, அதே பணம். இரண்டாவது தடவை கேசரி கிடையாது. ஆகவே விசா நகல் கையில் வந்து, அதில் உன் பெயரும் பாஸ்போர்ட் நம்பரும் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மெடிக்கல்.

எங்கே என்பதும் முக்கியம். "நமக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்கார்" என்பது இங்கே செல்லாது. பழைய ஆட்கள் இன்னமும் 'கம்கா' என்பார்கள், இப்போது wafid.com என்ற தளத்தில் பதிந்து சீட்டு எடுக்க வேண்டும். எந்த மையத்துக்குப் போக வேண்டும் என்று அந்தச் சீட்டில் இருக்கும். சீட்டுக்குத் தனிக் காசு, மையத்தில் டெஸ்டுக்குத் தனிக் காசு. இரண்டுக்கும் ரசீது கேள். இதை கம்பெனி தருகிறதா, நீ போடுகிறாயா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடு. முடிவு அதே தளத்தில் ஏறிவிடும். பாஸ்போர்ட் நம்பரைப் போட்டு நீயே பார்க்கலாம். அதனால் "அன்ஃபிட் வந்தா காசு குடுத்து ஃபிட் ஆக்கிடலாம்" என்று எவனாவது சொன்னால், அவன் விற்பது வெறும் காகிதம்.

இனி உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். உயரம், எடை, ரத்த அழுத்தம், கண் பார்வை. வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கிற எண்ணைப் படிக்கச் சொல்வார்கள்; எலெக்ட்ரீஷியனுக்குச் சிவப்பு ஒயரும் பச்சை ஒயரும் ஒன்றாகத் தெரிந்தால் கம்பெனி தாங்காது அல்லவா? ரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா, சர்க்கரை எல்லாம் பார்ப்பார்கள். சிறுநீர் உண்டு. பிறகு ஒரு சின்ன டப்பாவை நீட்டுவார்கள். குடற்புழு இருக்கிறதா என்று பார்க்க. வீட்டில் காலையில் கதவைத் தட்டினால்கூட "இருங்கம்மா" என்று அரை மணி நேரம் உட்கார்கிறவனுக்கு, டப்பாவைப் பார்த்ததும் உடம்பு மொத்தமும் வேலைநிறுத்தம் செய்யும். மையத்துக்கு வெளியே டீக்கடை வியாபாரம் ஓடுவதே இந்த ஆட்களால்தான். வாழைப்பழத்தோடு போ.

இதெல்லாம் சிரிப்பாகக் கடந்துபோகும். மார்பு எக்ஸ்ரேதான் சிரிக்காது. கழுத்துச் செயின், அம்மா கட்டிய தாயத்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நில். தாயத்து இருந்தால் படத்தில் வெள்ளைப் பொட்டாக விழும். அதை நுரையீரலில் இருக்கிற பொட்டு என்று நினைத்தால் உனக்கும் தொல்லை, அவர்களுக்கும் தொல்லை. "மூச்சை நல்லா இழுத்துப் பிடி" என்றால் நெஞ்சு நிறைய இழு. பாதி மூச்சில் எடுத்த படம் மங்கலாகி, திரும்ப எடுக்க வேண்டியிருக்கும்.

அறந்தாங்கிக்காரரின் சித்தப்பா மகன் கதையைக் கேள். பையனுக்குச் சின்ன வயதில் காசநோய் வந்து, அரசு ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு முழுசாகக் குணமாகிவிட்டது. இப்போது மூட்டை தூக்குகிறான், கபடி விளையாடுகிறான். ஆனால் நுரையீரலின் மேல்பக்கம் பழைய தழும்பு அப்படியே இருந்தது. கிருமி இல்லை, தழும்பு இருக்கிறது. வளைகுடா விதிப்படி குணமான காசநோயின் தடயம் படத்தில் தெரிந்தாலும் அன்ஃபிட்தான். "இப்போ நோய் இல்லையே சார்" என்ற வாதம் எடுபடவில்லை. அதற்குள் அவன் இருந்த வேலையை விட்டிருந்தான், ஏஜென்டிடம் முன்பணம் கட்டியிருந்தான், அம்மாவின் வளையல் அடகுக் கடையில் இருந்தது. முன்பணம் மட்டும் திரும்பி வரவே இல்லை.

அதனால் ஏஜென்டிடம் கேட்பதற்கு முன்பே பரமக்குடியில் ஏதாவது ஸ்கேன் சென்டரில் சாதாரண மார்பு எக்ஸ்ரே ஒன்று எடுத்துப் பார்த்துவிடு. பெரிய செலவு இல்லை. டாக்டரிடம் "வெளிநாட்டு மெடிக்கலுக்கு, பழைய தழும்பு ஏதாவது இருக்கா" என்று சொல்லியே கேள். சும்மா காட்டினால் "ஒண்ணுமில்லை, நல்லா இருக்கீங்க" என்றுதான் சொல்வார். நீ நன்றாக இருப்பது வேறு, படம் நன்றாக இருப்பது வேறு. அதோடு, அன்ஃபிட் ஆனால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை ஏஜென்டிடம் எழுதி வாங்கு. பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். eMigrate தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்.

ஊரில் ஃபிட் ஆனதோடு கதை முடிந்தது என்று விருந்து வைக்காதே. இங்கே வந்து இறங்கியதும் ரத்தமும் எக்ஸ்ரேயும் இன்னொரு தடவை. அதில் தேறினால்தான் இகாமா. அதில் அன்ஃபிட் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இங்கே மெடிக்கல் வரிசையில் நிற்கும்போது பத்து நாட்டுக்காரனும் ஒரே முகத்தோடு நிற்பான். நம்ம ஊர்க்காரன் மட்டும் "டீ எங்க கிடைக்கும்" என்று கேட்பான்.

திங்கட்கிழமை போகாதே. புதன்கிழமை போய் இதையெல்லாம் ஏஜென்டிடம் கேட்டால் போதும். அதற்குள் எக்ஸ்ரேயை எடுத்து, ரிப்போர்ட்டை எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பு. படத்தை நேராக வைத்து எடு. போன தடவை ஆதாரைத் தலைகீழாக அனுப்பி, அறையில் எட்டுப் பேரும் கழுத்தை வளைத்துப் படித்தோம்.

பி.கு.: எக்ஸ்ரே செலவை அக்காவிடம் வாங்கிக்கொள். நான் சொன்னதாகச் சொல்லாதே. மிக்ஸி வாங்கப் பணம் இல்லை என்று போன வாரம்தான் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் மச்சான்