ஆன்ரோடு விலை கண்ட அடியேனின் விண்ணப்பம்

பெருமதிப்பிற்குரிய இருசக்கர வாகன விற்பனை நிலைய மேலாளர் அவர்களுக்கு,

தாங்கள் அன்புடன் அளித்த கொட்டேஷனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். 125 சிசி வண்டியின் எக்ஸ்ஷோரூம் விலை 90,000 ரூபாய். ஆன்ரோடு விலை 1,18,100. ஷோரூம் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவே பத்தடிதான் இருக்கிறது. அந்தப் பத்தடிக்கு 28,100 ரூபாய் டோல் வசூலிக்கும் தங்கள் திறமைக்கு வணக்கம்.

இதில் 9,000 சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஒரு லட்சம் வரையுள்ள புது வண்டிக்குப் பத்து சதவீதம், அதற்கு மேல் பன்னிரண்டு. அது அரசாங்கத்துக்குப் போகிறது, ரசீதும் வருகிறது. அதில் எனக்குச் சண்டையில்லை.

அடுத்தது இன்சூரன்ஸ், 9,800. ஐந்தாண்டு தேர்ட் பார்ட்டி கட்டாயம். 75 முதல் 150 சிசி வரை அரசு நிர்ணயித்த பிரீமியம் 3,851. வண்டியின் சொந்தச் சேதத்துக்கு ஓராண்டு எடுத்தால் ஏறக்குறைய 1,400, ஜிஎஸ்டி 18 சதவீதம், ஓட்டுநருக்கான விபத்துக் காப்பு சில நூறு. எப்படிக் கூட்டினாலும் 7,000-ஐத் தொடவில்லை. மீதியைத் தேடினேன். ஜீரோ டெப், ரோட்சைடு அசிஸ்டன்ஸ் என்ற பெயர்களில் அது பாலிசிக்குள் பதுங்கியிருக்கிறது. எனக்குக் காப்புறுதி செய்ய இவ்வளவு ஆர்வம் காட்டிய நீங்கள், எந்தக் கம்பெனியில் வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வெளியே எடுத்துக் கொண்டுவரவும் எனக்கு உரிமை உண்டாம்.

பதிவுக்கட்டணம், ஹேண்ட்லிங் சேர்த்து 3,500. மத்திய அரசு வைத்த பதிவுக்கட்டணம் 300, கார்டுக்கு 200. மீதி வண்டியைக் 'கையாண்ட' செலவு என்றால், கையாளாமலே விற்கும் வண்டி ஏதும் ஸ்டாக்கில் இருக்கிறதா?

கடைசி வரி, 'ஆக்சஸரீஸ் கிட்' 5,800. இது என்னவென்று விற்பனைப் பிரதிநிதித் தம்பியிடம் கேட்டேன்.

"டெலிவரி அன்னிக்குத் தெரியும் சார், எல்லாருக்கும் போடுறதுதான்."

வற்புறுத்தியதும் தம்பி சொன்னார்: சேலை கார்டு, பின்சீட்டுக் கைப்பிடி, ஹெல்மெட், கிராஷ் கார்டு, சீட் கவர், டெஃப்லான் பூச்சு. கைப்பிடியும் பின்சக்கரத்தைப் பாதியாவது மறைக்கும் காப்பும் வண்டியோடே இருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 123. வாங்கும்போது ஐஎஸ்ஐ ஹெல்மெட் தருவது தயாரிப்பாளர் பொறுப்பு என்கிறது விதி 138. விதிப்படி வர வேண்டியதையே கிட் ஆக்கி எனக்கு விற்கும் கலையை எந்தக் கல்லூரியில் கற்றீர்கள்? டெஃப்லான் பூச்சு மட்டும் மெய்தான். பில்லின் மேல் நன்றாகவே பூசியிருக்கிறீர்கள்.

கிராஷ் கார்டு வேண்டுமென்றால் நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். ஹேண்ட்லிங்கையும் கிட்டையும் பாலிசிக்குள் பதுங்கியவற்றையும் அடித்துவிட்டு, பாலிசியில் மிச்சம் என்னென்ன இருக்கிறது என்று வரிவரியாக எழுதி, முத்திரையோடு புதுக் கொட்டேஷன் அனுப்புங்கள். தொகை ஒரு லட்சத்து ஏழாயிரத்தைத் தாண்டாது. வந்த அன்றே முன்பணம் கட்டுகிறேன்.

இப்படிக்கு,
இன்னும் நடந்தே போகும் வாடிக்கையாளர்