தன் வாயால் கெட ஏழு படிகள்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். பாவம், நுணலுக்குத் தெரிந்தது ஒரே மொழி. உங்களுக்கு அந்தக் குறை இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா, மலையாளம் என்று வரிசையாகக் காதில் விழுகிறது. ஆவடியில் டாங்கி தொழிற்சாலை, சிஆர்பிஎஃப், விமானப்படை என்று நாடு முழுவதிலிருந்தும் ஆள் வந்து குடியிருக்கிறார்கள். இத்தனை மொழியில் கெட வாய்ப்பிருக்கும்போது ஒன்றோடு நிற்பது சோம்பேறித்தனம். பெரிய கெட்ட வார்த்தை எதுவும் தேவையில்லை; அதில் திறமைக்கு வேலை இல்லை. பாட்டி முன்னால் சொல்லக்கூடிய சின்னச் சொற்களே போதும். பாதி தூரம் நீங்களாகவே வந்துவிட்டீர்கள். மீதிக்கு நான் இருக்கிறேன்.

1. அகராதியை நம்புங்கள்.

வசவு சொல்லுக்குள்தான் இருக்கிறது, சொல்கிற வாயிலோ கேட்கிற காதிலோ இல்லை என்று முதலில் முடிவு கட்டுங்கள். பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் ஆட்டோக்காரர் ஒருவரைக் ‘கஸ்மாலம்’ என்று சொல்லுங்கள். அவர் வண்டியை விட்டு இறங்கி வருவார். பதற வேண்டாம். “அண்ணே, கீதை இரண்டாம் அத்தியாயம் இரண்டாம் சுலோகத்தில் கண்ணன் அர்ஜுனனிடம் சொன்ன சொல் இது” என்று விளக்குங்கள். விளக்கம் சரிதான், அங்கே அது மனத்தளர்ச்சியைக் குறிக்கிறது. அதற்கும் அவர் மசியாவிட்டால் அடுத்து ‘மயிர்’ என்று சொல்லிவிட்டுத் திருக்குறளுக்குத் தாவுங்கள். வள்ளுவர் அந்தச் சொல்லை ‘மானம்’ என்ற அதிகாரத்திலேயே இரண்டு குறள்களில் வைத்திருக்கிறார். நடுரோட்டில் மானம் போன மனிதருக்கு இந்தத் தகவல் மிகவும் ஆறுதலாக இருக்கும். சுற்றி நிற்பவர்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லுங்கள்.

2. சேர்ந்த அன்றே ஒட்டிக்கொள்ளுங்கள்.

கம்பெனி வாசல் டீக்கடையில் இரண்டு பேர் நிற்கிறார்கள். பல வருடமாக ஒரே ஷெட்டில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் வேலை பார்த்தவர்கள். ஒருவர் “வாடா பன்னாடை” என்கிறார். மற்றவர் “சொல்றா பரதேசி” என்கிறார். யாருக்கும் கோபம் வரவில்லை. என்றைக்காவது இவர் “வாங்க சார்” என்று சொன்னால்தான் அவருக்கு வயிற்றைக் கலக்கும். நீங்கள் நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்தீர்கள். தயங்காமல் நடுவில் புகுந்து மூன்றாவது பன்னாடையை வீசுங்கள்.

ராட்கிளிஃப்-பிரௌன் என்ற மானிடவியலாளர் 1940-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். சில உறவுகளில் ஒருவர் மற்றவரைக் கேலி செய்யலாம், கேட்பவர் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதே வழக்கம் என்றார் அவர். அந்த உரிமை அந்த இருவருக்கு மட்டும். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அதில் பங்கு கிடையாது. நம் வீடுகளில் இதற்குக் கட்டுரை தேவைப்பட்டதில்லை. மாமன் மச்சானை என்ன வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம். அதே வார்த்தையைப் பங்காளியிடம் சொன்னால் வரப்புத் தகராறாகிவிடும். நீங்கள் எதற்கும் பங்காளியிடமே தொடங்குங்கள்.

3. உறவுமுறையை மொழிபெயருங்கள்.

இதுதான் இந்தக் கையேட்டின் மணிமுடி. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உங்கள் லைனில் பீகாரிலிருந்து வந்த பையன் ஒருவன் இருக்கிறான். நல்ல பையன். அவனோடு நெருங்க ஆசைப்படுகிறீர்கள். தமிழில் நெருக்கத்துக்கு ‘மச்சான்’. இந்தியில் மனைவியின் சகோதரனுக்கு என்ன சொல்? ‘சாலா’. போதும், இலக்கணம் முடிந்தது. உணவு இடைவேளையில் அவன் ஊர்க்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது அவன் தோளில் கையைப் போட்டு, அன்பு வழியும் முகத்தோடு “சாலா!” என்று கூப்பிடுங்கள். சாப்பாட்டு மேசை சட்டென்று அமைதியாகிவிடும். அதைப் பாசம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே நடந்தது இதுதான். நம் பக்கத்தில் மாமன் மகள், அத்தை மகள் என்று முறைப்பெண் உண்டு. உன் தங்கை என் வீட்டுக்கு வரலாம், என் தங்கை உன் வீட்டுக்கு வரலாம். அதனால் மச்சான் என்றால் சரிக்குச் சரி. அக்கா புருஷனும் மச்சான்தான், பெண்டாட்டியின் அண்ணனும் பல வீடுகளில் மச்சான்தான். வடக்கே பெரும்பாலான இந்துக் குடும்பங்களில் அப்படி இல்லை. பெண் கொடுத்த வீடு ஒரு படி கீழே, பெண் எடுத்த வீடு ஒரு படி மேலே. அக்கா புருஷன் ‘ஜீஜா’, அவருக்கு மரியாதை. மனைவியின் தம்பி ‘சாலா’; அவன் கேலிக்கு ஆளானவன். உறவே இல்லாத ஒருவனை சாலா என்றால், ‘உன் அக்கா என்னிடம் இருக்கிறாள்’ என்று சொன்னதாகப் பொருள். நீங்கள் சொன்னது ஒரு சொல். அவன் காதில் விழுந்தது அவன் அக்கா.

ஆனால் அதே பையன் மாலையில் தன் அறைத்தோழனைச் சிரித்துக்கொண்டே சாலா என்று கூப்பிடுவான், மெஷின் நின்றால் மெஷினையும் சாலா என்பான். இதைப் பார்த்ததும் “அவன் சொன்னால் மட்டும் தப்பில்லையா?” என்று ஹெச்.ஆரிடம் போய்க் கேளுங்கள். இரண்டாம் படியை ஒழுங்காகப் படிக்கவில்லை என்பதற்கு அதுவே சான்றிதழ்.

4. கோபம் வந்தால் இங்கிலீஷுக்கு மாறுங்கள்.

தமிழில் சொன்னால் அசிங்கம், ‘இடியட்’, ‘ப்ளடி ஃபூல்’ என்றால் படித்தவர் என்ற நம்பிக்கையை இழக்காதீர்கள். லண்டனில் 1914-இல் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தில் கதாநாயகி மேடையில் அந்த ‘ப்ளடி’யைச் சொன்னபோது ஊரே பரபரத்தது. இங்கே அப்பாக்கள் பிள்ளைகளின் ரேங்க் கார்டைப் பார்த்து அதைச் சொல்கிறார்கள். நமக்கு உறைக்காததற்குக் காரணம் உண்டு. ஜீன்-மார்க் டெவேல் என்ற மொழியியலாளர் பல மொழி பேசுகிறவர்களிடம் கேட்டு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், வசவு தாய்மொழியில்தான் அதிகமாகச் சுடுகிறது என்று கண்டார். அதற்கு முந்தைய வருடம், துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலமும் பேசுகிறவர்களின் தோலில் கருவி பொருத்திப் பார்த்தார்கள். சின்ன வயதில் அம்மா திட்டிய மாதிரி வாக்கியங்களைத் துருக்கியில் கேட்டபோதுதான் உடம்பு அதிகமாகப் பதறியது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் எளிது. உங்களுக்கு எந்த மொழியில் சுடவில்லையோ அந்த மொழியிலேயே அடுத்தவரைச் சுடுங்கள். தெலுங்குக்காரரைத் தெலுங்கில், மலையாளியை மலையாளத்தில். ‘மயிர்’ தமிழில் அலுப்புக்குக்கூடச் சொல்வது; மலையாளத்தில் அதற்குக் கனம் பல மடங்கு. எடை போடும் தராசு உங்கள் கையில், சுமப்பது அவர் தலை.

5. கெட்ட வார்த்தையே இல்லாமல் திட்டுங்கள்.

தேர்ந்தவர்களுக்கான பயிற்சி இது. ஒரு விகுதி போதும். எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் உங்களைவிட வயதில் மூத்த செக்யூரிட்டியை “ஏய், இங்க வாடா” என்று கூப்பிடுங்கள். அகராதியில் இதில் ஒரு கெட்ட சொல்லும் கிடையாது. ஆனால் ‘ஒருமையில் பேசினார்’ என்பதே தமிழ்ப் பத்திரிகையில் ஒரு செய்தி. அதே ‘டா’வை நண்பன் சொன்னால் உயிர், அம்மா சொன்னால் சோறு. வயதானவர்களைச் சின்னப் பையன்கள் சாதி பார்த்து ‘டா’ போட்டுக் கூப்பிட்ட ஊர்களிலிருந்து அம்பத்தூருக்குப் பிழைக்க வந்தவர்கள் ஏராளம். அவர்கள் அந்த ஊரை விட்டு வந்ததே இந்த ஒரு எழுத்தைக் கேட்காமல் இருக்கத்தான். நீங்கள் மறக்காமல் நினைவுபடுத்துங்கள்.

6. பாட்டியைப் பின்பற்றுங்கள்.

பாட்டி திட்டாததா, சினிமாவில் வராததா என்ற வாதத்தைக் கையில் வைத்திருங்கள். ‘சண்டாளா’ என்பது அப்படிப் பாட்டிகள் வாயில் சாதுவாகப் புழங்கிய சொல்தான். தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் அது ஒரு சாதியின் பெயரும்கூட. 2024 ஜூலையில் மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம், அந்தச் சொல்லை வசவாகவும் பாட்டிலும் பயன்படுத்தக் கூடாது, வழக்கு வரும் என்று எச்சரித்தது. சாதிப் பெயரைச் சொல்லி, பொதுமக்கள் பார்வையில் பட்டியல் சாதியினரைத் திட்டினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைச் சட்டத்தில் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. முன்ஜாமீனுக்குச் சட்டம் இடம் தரவில்லை. இந்தப் படியில் மட்டும் நான் கைபிடித்துக் கூட்டிப் போக மாட்டேன். பயிற்சியாளனுக்கும் குடும்பம் இருக்கிறது.

7. கூட்டம் சேர்ந்த பிறகு பேசுங்கள்.

தனியாகத் திட்டினால் அது இருவர் விவகாரம், முடிந்துவிடும். எனவே பொது இடமாகப் பாருங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294(பி), 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 296: பொது இடத்தில் ஆபாசச் சொல் பேசி மற்றவர்களுக்கு எரிச்சல் உண்டாக்கினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாட்டில் எந்தத் தெருச் சண்டையின் எஃப்ஐஆரிலும் 294(பி), 323, 506 மூன்றும் கூட்டாளிகள் மாதிரி சேர்ந்தே வந்துகொண்டிருந்தன. 2022 ஜனவரி 1 முதல் இந்த வட்டாரத்துக்கென்று ஆவடி காவல் ஆணையரகமும் இருக்கிறது. தாம்பரம்வரை அலைய வேண்டாம்.

உங்கள் வக்கீல் ஒரு நல்ல செய்தி சொல்வார். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், வெறுமனே இழிவாகப் பேசியதே இந்தக் குற்றம் ஆகிவிடாது, கேட்டவர்களுக்கு எரிச்சல் ஏற்பட்டதற்குச் சாட்சி வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆக, சட்டமும் உங்கள் முதல் படியை ஒப்புக்கொள்ளவில்லை. சொல் எது என்பதோடு எங்கே, யார் காதில் விழுந்தது என்றும் கேட்கிறது. நீங்கள்தான் டீக்கடை முழுக்கச் சாட்சியாக நிற்கும் நேரம் பார்த்துப் பேசியிருக்கிறீர்களே, கவலை எதற்கு?

கடைசியில் மன்னிப்புக் கேட்கும் கட்டம் வரும். “எங்க ஊர்ல இதெல்லாம் சாதாரணம், நீங்க தப்பா எடுத்திருந்தா சாரி” என்று கேளுங்கள். இதைவிட நல்ல இரண்டாவது வசவு கிடையாது. ஒருவேளை வாய் தவறி உண்மையாகவே மன்னிப்புக் கேட்டு, அவரும் மன்னித்து, இருவரும் டீ குடித்துவிட்டுப் பூந்தமல்லி கோர்ட்டுக்குக் கைகோத்துப் போனாலும் பயமில்லை. இந்தப் பிரிவு சமரசத்துக்கு உரிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. நீங்கள் ராசியாகிவிட்டீர்கள் என்பதற்காக மாஜிஸ்திரேட் வழக்கை மூட முடியாது. ரத்து செய்ய வேண்டுமானால் இருவரும் சேர்ந்து உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பஸ்ஸில் சில்லறை விஷயமாகக் கண்டக்டரிடம் எதுவும் பேசாமல் போய்ச் சேருங்கள்.