எதற்கு நகல்?

தோற்றவர் தீர்ப்பின் சான்றிட்ட நகல் கேட்டால் யாரும் நோக்கம் கேட்பதில்லை. மேல்முறையீடு அவர் முகத்திலேயே எழுதியிருக்கும். வழக்கில் இல்லாதவர் கேட்டால்தான் பதிவகத்துக்குச் சந்தேகம் வரும். குஜராத் உயர் நீதிமன்ற விதிப்படி, அவர் காரணத்தைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியாக வேண்டும்.

காரணமே கேட்காத தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்று ஒருவர் அந்த வழியில் போனார். நீதிமன்ற விதியில் வழி இருக்கும்போது அந்தச் சட்டம் எதற்கு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்தியது.

ஆகவே, "இந்தத் தீர்ப்பில் வரும் நிலத்தை வாங்கப் போகிறேன்" என்று எழுதுங்கள், மனு நகரும். "நம் நீதிமன்றம் என்ன சொன்னது என்று அறிய ஆசை" என்பது குடிமகனுக்கு அழகுதான், ஆனால் மனுவுக்கு அது பலவீனம். திறந்த நீதிமன்றத்தில் ஊரறியச் சொன்ன தீர்ப்பு, முத்திரை குத்தும் நேரத்தில் மட்டும் கூச்சப்படுகிறது.

தோற்றவருக்கும் ஒரு சொல்: நகல் தயாராகும் நாள்கள் மேல்முறையீட்டுக் கெடுவிலிருந்து கழிக்கப்படும். தயாரான பின் வாங்காமல் விட்ட நாள்கள் கழிக்கப்படமாட்டா. அதற்கு மட்டும் உங்களிடம் காரணம் கேட்பார்கள்.